பெங்களூராவுக்குக் காம்பு பார்ப்பதில்லை

கிருஷ்ணகிரியில் அச்சகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். கல்யாணப் பத்திரிகை, குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டறிக்கை, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே வரும். கொஞ்ச காலமாக வருகிற பிரதிகளில் நிறைய, ஒரே ஆள் உட்கார்ந்து எழுதிக் குவித்ததுபோல் இருக்கின்றன. கோயிலைப் பற்றி எழுதியதும் கோழிப்பண்ணையைப் பற்றி எழுதியதும் ஒரே நடையில், ஒரே இழுப்பில் போகும். எழுத்துப்பிழை அதிகம் இராது. வாக்கியம் ஒவ்வொன்றும் ஒழுங்காக முடிந்திருக்கும். படித்து முடித்த பிறகு என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எழுதி வாங்கியது என்று கொண்டுவருபவரே சொல்லிவிடுவார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "மெஷின் எழுதினது மாதிரி இருக்கு, மனுஷன் எழுதினது மாதிரி ஆக்கிக் குடுங்க" என்றுதான் இப்போது வேலையே வருகிறது. அதை எப்படிச் செய்கிறேன் என்பதை ஒரே ஒரு பிரதியை வைத்துச் சொல்கிறேன்.

போச்சம்பள்ளி வட்டத்தில் சந்தூர் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் அது. மண்டிக்கும் மாம்பழக் கூழ் ஆலைக்கும் போடுவதோடு, ஓசூர், பெங்களூரு அடுக்குமாடிகளில் இருக்கும் தமிழ்க்குடும்பங்களுக்கு நேரடியாகப் பெட்டி அனுப்ப முடிவு செய்தார்கள். பெட்டிக்குள் பழத்தோடு ஒரு பக்கத் துண்டறிக்கை வைக்க வேண்டும். மகன் கைபேசியில் எழுதி வாங்கி எனக்கு அனுப்பியிருந்தார். தொடக்கம் இப்படி:

"மாம்பழம் என்பது வெறும் ஒரு பழம் மட்டுமல்ல, அது நமது பண்பாடு, பாரம்பரியம் மற்றும் அடையாளத்தின் பிரிக்க முடியாத ஒரு பகுதியாகும். மா உற்பத்தியில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஒரு முக்கியப் பங்கு வகிக்கிறது. எங்கள் தோட்டம் தரம், சுவை மற்றும் நம்பிக்கை ஆகியவற்றின் சரியான கலவையை வழங்குகிறது. ஒவ்வொரு பழமும் மிகுந்த கவனத்துடன் பறிக்கப்படுவதை நாங்கள் உறுதி செய்கிறோம். ஏனெனில், உங்கள் புன்னகையே எங்கள் வெற்றி."

இதற்கு மேல் இன்னும் நாலு பத்தி. எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம். ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியும் "உங்கள் புன்னகையே எங்கள் வெற்றி" போல ஒரு பொன்மொழி.

முதலில் நான் சிவப்பு மையை எடுத்துப் பெயரை மாற்றிப் பார்ப்பேன். மாம்பழம் இருக்கும் இடத்தில் திராட்சையை வைக்கிறேன், கிருஷ்ணகிரி இருக்கும் இடத்தில் தேனியை வைக்கிறேன். வாக்கியம் அப்படியே நிற்கிறதா? நின்றால் அதன் மேல் ஒரு கோடு. "திராட்சை என்பது வெறும் ஒரு பழம் மட்டுமல்ல" நிற்கிறது. "திராட்சை உற்பத்தியில் தேனி மாவட்டம் ஒரு முக்கியப் பங்கு வகிக்கிறது" நிற்கிறது. கலவை நிற்கிறது, புன்னகையும் நிற்கிறது. ஐந்து பத்தியையும் இப்படிப் பார்த்து முடித்தபோது கோடு விழாமல் மிஞ்சியது ஊர்ப்பெயர், நாலு ஏக்கர் என்ற அளவு, பெங்களூரா, செந்தூரா என்ற இரண்டு ரகம், தொலைபேசி எண். அவ்வளவும் மகன் செயலிக்குத் தட்டிக் கொடுத்த விவரம். அவர் கொடுத்ததைத் தவிரச் செயலி தன் பங்குக்குச் சேர்த்தது அத்தனையும் எந்தப் பழத்துக்கும் பொருந்தும்.

அது அப்படித்தான் எழுதும். அடுத்து என்ன சொல் வர அதிக வாய்ப்பு என்று பார்த்துப் பார்த்துச் சொல்லை அடுக்குகிற ஏற்பாடு அது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்திருக்கிறது. "மாவட்டம் மா உற்பத்தியில்" என்று எழுதிய பிறகு அந்தப் பக்கங்களில் அதிகம் வந்திருப்பது "முக்கியப் பங்கு வகிக்கிறது". சந்தூர் தோட்டத்தில் பாறை இருப்பது எந்தப் பக்கத்திலும் இல்லை, அதனால் அது வராது. அதற்கு மேல், பயிற்சியின்போது ஆட்களை வைத்துப் பதில்களுக்கு மதிப்பெண் போட வைத்திருக்கிறார்கள். யாரையும் உறுத்தாத, நிறைவாக முடிகிற, பணிவான பதில் அங்கே நல்ல மதிப்பெண் வாங்கும். படித்த பக்கங்களிலும் ஆங்கிலம்தான் மிகுதி, அதனால் தமிழில் எழுதும்போதும் அடியில் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு தெரிகிறது.

மனிதர்களின் வாய்ப்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். "என்பதில் எள்ளளவும் ஐயமில்லை", "பொன்னேட்டில் பொறிக்கப்பட வேண்டியது", "அயராது பாடுபட்டு வரும்" என்று விழா மலர்களில் நாம் எழுதிக் குவித்ததற்கு எந்த இயந்திரமும் பொறுப்பில்லை. ஆனால் அந்த மலர்க்கட்டுரைக்காரர் மூன்றாம் பத்தியில் தன்னை மறந்து, தேர் அச்சு முறிந்த வருடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுவார். படிப்பவன் அங்கே நிமிர்ந்து உட்காருவான். இயந்திரப் பிரதியில் அந்த மறதி வராது, முதல் வரியின் குரலே கடைசி வரி வரை.

கோடு போட்ட பிறகு பலர் செய்வது சொல்லை மாற்றுவது. `Ctrl+F` போட்டு "மற்றும்" அத்தனையையும் எடுத்துவிடுவார்கள். "முக்கியப் பங்கு வகிக்கிறது" என்பதைப் "பெரும்பங்கு ஆற்றுகிறது" ஆக்குவார்கள். இதையே செய்துகொடுக்கும் செயலிகளும் இருக்கின்றன. சட்டையை மாற்றியதில் ஆள் மாறவில்லை. கிருஷ்ணகிரி பெரும்பங்கு ஆற்றினாலும் படிக்கிறவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. பிரதி தட்டையாக இருப்பதற்குக் காரணம் சொல்லில் கொஞ்சம்தான். பெரும்பாலும் சொல்ல விஷயம் இல்லாததுதான். விஷயம் செயலியிடம் இல்லை, என்னிடமும் இல்லை. தோட்டக்காரரிடம் இருக்கிறது.

அதனால் பேனாவை மூடிவிட்டுச் சந்தூருக்குப் போனேன். எழுதியது மகன், தோட்டம் பார்ப்பது அப்பா. அவரிடம்தான் பேச வேண்டும்.

என்ன கேட்கிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. "உங்க தோட்டத்தைப் பத்தி சொல்லுங்க ஐயா" என்று கேட்டால், எப்பேர்ப்பட்ட ஆளும் விழா மேடையில் ஏறி நின்றுவிடுவார். "நல்லா பாத்துக்கறோம், மருந்து அதிகம் அடிக்கறதில்ல, தரமான பழம்" என்பார். அது செயலி எழுதியதேதான், பேச்சுத்தமிழில். நான் கேட்டது வேறு. போன வருஷம் சொந்தக்காரர்களுக்குச் சும்மா பெட்டி அனுப்பிப் பார்த்தார்கள் என்று மகன் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்கினவங்க யாராச்சும் குறை சொன்னாங்களா?"

பெரியவர் மகனைப் பார்த்தார். சொல்லலாமா என்ற யோசனை.

"ஒரு வீட்ல ரெண்டாம் நாளே அறுத்துட்டு, புளிக்குதுன்னு போன் பண்ணாங்க. நாங்க காயாத்தான் அனுப்பறோம், நாலஞ்சு நாள் வெச்சுப் பழுக்கவிடணும். அவங்க மேல செவப்பு இருக்கறதப் பாத்துட்டு பழம்னு நெனச்சுட்டாங்க. செந்தூராவுக்குத் தோள்ல செவப்பு காயிலயே வந்துடும் தம்பி. இன்னொருத்தர் தோல்ல கறுப்புக் கோடு இருக்கு, அழுகிப் போச்சுன்னு போட்டோ அனுப்பிச்சாரு. அது பால் பட்ட தடம்."

துண்டறிக்கைக்கு வேண்டிய இரண்டு பத்தி இங்கேயே கிடைத்துவிட்டது. பெட்டியைத் திறக்கிற ஆளுக்குப் பண்பாடும் பாரம்பரியமும் அப்போதைக்குத் தேவையில்லை. இதை எப்போது அறுப்பது, இந்தக் கறுப்பு என்ன என்றுதான் அவர் கையில் பழத்தை வைத்துக்கொண்டு நிற்பார். படிக்கப்போகிறவர் யார், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார் என்பது செயலிக்குத் தெரியாது. மகனும் அதற்குச் சொல்லவில்லை, அவருக்கே அப்போது தோன்றியிருக்காது.

பிறகு பிரதியில் இருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். "ஒவ்வொரு பழமும் மிகுந்த கவனத்துடன் பறிக்கப்படுவதை நாங்கள் உறுதி செய்கிறோம்." இது நான் விடாமல் செய்கிற வேலை. கோடு போட்ட வாக்கியங்களில் ஒன்றிரண்டைச் சம்பந்தப்பட்டவர் எதிரில் வாசிப்பேன். பொய்யாக இருந்தால் அவர் முகத்தில் தெரிந்துவிடும்.

பெரியவர் சிரித்துவிட்டார்.

"பெங்களூராவுக்கு யாரு தம்பி காம்பு பாக்கறது? கூழுக்குப் போற காய். வண்டி நின்னுட்டிருக்கும், மளமளன்னு பறிச்சுக் கொட்டுவாங்க. செந்தூராவுக்குத்தான் அந்தப் பாடெல்லாம்."

என்ன பாடு என்று கேட்டேன். எழுந்து போய்த் தொரட்டியை எடுத்துவந்தார். மூங்கில் கழி, நுனியில் வளைந்த கத்தி, அதற்குக் கீழே நூல் வலை. காயைப் பிடித்து இழுக்கக் கூடாது, காம்போடு சேர்த்து வெட்டி வலையில் விழவிட வேண்டும். காம்பு அடியோடு ஒடிந்தால் அந்த இடத்தில் பால் பீச்சி வரும். அந்தப் பால் தோலில் பட்ட இடம் வெந்ததுபோல் ஆகி, ஓரிரு நாளில் கறுத்துவிடும். அதனால் ஒரு அங்குலம் காம்பு விட்டுப் பறித்து, நிழலில் வைத்துக் காம்பைக் கிள்ளி, காயைக் கவிழ்த்து வைத்துப் பாலை வடிய விடுகிறார்கள். கூழ் ஆலையில் தோலைச் சீவி எறியப் போகிறார்கள். அங்கே போகிற காய்க்குத் தோல் அழகு எதற்கு?

"ஒவ்வொரு பழமும்" என்று செயலி எழுதியது தவறு. தவறு என்பதைவிட, அந்த இடத்தில்தான் தோட்டமே ஒளிந்திருந்தது. எதைக் கவனமாகப் பறிப்பார்கள், எதைப் பறிக்க மாட்டார்கள், ஏன் என்று மூன்றையும் சொன்னதும் இது இன்னார் தோட்டம் என்று ஆகிவிடுகிறது. அப்போதிருந்து இயந்திரப் பிரதியில் "ஒவ்வொரு", "அனைத்து", "எப்போதும்" என்று எங்கே வந்தாலும் நின்று, விதிவிலக்கு என்ன என்று கேட்கிறேன். ஏதாவது ஒன்று கட்டாயம் கிடைக்கும்.

திரும்பி வந்து எழுதியது இது:

"வீட்டுக்கு அனுப்புவது செந்தூரா மட்டும்தான். பெங்களூரா பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிறது. செந்தூராவைத் தொரட்டியில் வலை கட்டி, ஒரு அங்குலம் காம்பு விட்டுப் பறிக்கிறோம். காம்பு ஒடிந்தால் பால் வடிந்து தோல் கறுக்கும். எவ்வளவு பார்த்தாலும் பெட்டிக்கு ஒன்றிரண்டில் அந்தக் கறுப்புத் தடம் இருக்கும். அது அழுகல் இல்லை, தோலோடு போய்விடும். தொட்டால் அமுங்கினால்தான் அழுகல். படம் எடுத்து அனுப்புங்கள், வேறு பழம் தருகிறோம்.

இப்போது உங்கள் கையில் இருப்பது காய். மேலே சிவப்பாக இருப்பதைப் பார்த்து அறுத்துவிடாதீர்கள், செந்தூராவுக்குக் காயிலேயே சிவப்பு ஏறிவிடும். வைக்கோலோ பழைய செய்தித்தாளோ போட்டு நாலைந்து நாள் வையுங்கள். காம்புப் பக்கம் மோந்து பாருங்கள், வாசனை வந்தால் பழம். பழுக்கும்வரை பிரிட்ஜில் வைக்க வேண்டாம், குளிரில் காய் வெம்பிப்போகும்."

"மோந்து பாருங்கள்" என்பதை மகன் "முகர்ந்து பாருங்கள்" ஆக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். எந்த வீட்டிலும் யாரும் மாம்பழத்தை முகர்வதில்லை.

விஷயம் வந்தால் நடை பாதி தானாக வந்துவிடும். மீதிப் பாதிக்குக் காது வேண்டும். அதற்கு இன்னொரு பத்தியை எடுத்துக்கொள்கிறேன். மூலத்தில் இப்படி இருந்தது:

"எங்கள் தோட்டம் சந்தூர் பகுதியில் அமைந்துள்ளது. இது நான்கு ஏக்கர் பரப்பளவைக் கொண்டுள்ளது. இங்கு பல்வேறு வகையான மா மரங்கள் வளர்க்கப்படுகின்றன. இந்த மரங்கள் தலைமுறைகளாகப் பராமரிக்கப்பட்டு வருகின்றன. இது எங்கள் குடும்பத்தின் அர்ப்பணிப்பைப் பிரதிபலிக்கிறது."

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உள்ளது, உள்ளது, கின்றன, கின்றன, கிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருகிறது. அதனால் எல்லா வினையும் ஒரே காலத்தில் ஒரே விகுதியில் இருந்தால், ஒவ்வொரு வாக்கியமும் ஒரே சத்தத்தில் விழுகிறது. கண்ணால் படிக்கும்போது இது தெரியாது, ஏதோ சலிப்பாக இருக்கிறது என்று மட்டும் தோன்றும். வாசித்தால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். இயந்திரத் தமிழில் நான் பார்க்கிற ஒரேமாதிரித் தன்மைக்குச் சொற்களைவிட இந்த வாக்கிய முடிவுகள்தான் பெரிய காரணம்.

சரிசெய்யத் தமிழிலேயே நிறைய வழி இருக்கிறது. வினையே இல்லாமல் பெயரில் முடிக்கலாம்: "சந்தூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர்." இரண்டு வாக்கியத்தை எச்சத்தால் கோத்து ஒன்றாக்கலாம்: பறித்து, கவிழ்த்து, வடியவிட்டு. நடந்து முடிந்ததை இறந்தகாலத்தில் சொல்லலாம். எதையும் நிகழ்காலத்தில் நிறுத்திவைப்பது அந்தப் பிரதிகளின் வழக்கம். "அமைந்துள்ளது", "கொண்டுள்ளது" இரண்டும் பெரும்பாலும் வேண்டவே வேண்டாம். "வளர்க்கப்படுகின்றன" என்றால் யார் வளர்ப்பது? பெரியவர்தான். அப்போது அவரையே எழுவாய் ஆக்கிவிட்டால் "படு" போய்விடும். "இது", "இந்த" என்று ஒவ்வொரு வாக்கியமும் முந்தின வாக்கியத்தைக் கைகாட்டித் தொடங்குவதையும் எடுத்துவிடலாம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தமிழில் சொல்லாமலே தெரியும். "ஒரு முக்கியப் பங்கு", "ஒரு பகுதி" என்று ஒட்டிக்கொண்டு வரும் "ஒரு"க்களில் எண்ணிக்கையைக் குறிப்பவற்றை மட்டும் விட்டுவைப்பேன். தரம், சுவை மற்றும் நம்பிக்கை என்று மும்மூன்றாக வருகிற அடுக்கில், மூன்றில் எது உண்மையிலேயே வேண்டும் என்று பார்த்து ஒன்றை வைத்துக்கொள்வேன். இரண்டு வேண்டும் என்றால் "தரமும் சுவையும்" போதும்.

மாற்றிய பத்தி:

"சந்தூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். மூன்றில் பெங்களூரா, ஒன்றில் செந்தூரா. என் அப்பா வைத்த மரங்கள். முப்பது அடிக்கு ஒன்று என்று வைத்தார். அந்தக் கணக்குக்கு ஏக்கருக்கு 48 வரவேண்டும். செந்தூராப் பக்கம் பாறை குறுக்கிட்டதால் 41 மரம்தான் நிற்கிறது. அதனால் எல்லாருக்கும் அனுப்ப எங்களால் முடியாது, முன்பே சொல்லிவையுங்கள்."

கடைசி வரியைப் பாருங்கள். மூலத்தில் அந்த இடத்தில் இருந்தது அர்ப்பணிப்பு. பத்தி முடிகிற இடத்தில் செயலி ஒரு கருத்தை வைத்து மூடும். ஐந்து பத்தியிலும் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டுப் பார்த்தேன், நாலு பத்தியில் ஒன்றும் குறையவில்லை. இது எந்தப் பிரதிக்கும் செய்து பார்க்கலாம். கடைசி வாக்கியம் போனால் ஏதாவது தகவல் போகிறதா? போகாவிட்டால் அது வெறும் மூடி.

எண்ணைச் சொன்னதும் இன்னொன்று. முப்பதுக்கு முப்பது என்றால் மரத்துக்கு 900 சதுர அடி, ஏக்கர் 43,560 சதுர அடி, வகுத்தால் 48. பெரியவர் சொன்னதை நான் வகுத்துப் பார்த்துத்தான் போட்டேன். மனிதர் சொன்னதையே சரிபார்க்கும்போது செயலி சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லவே வேண்டியதில்லை. மூலத்தின் நாலாம் பத்தியில் "1965ஆம் ஆண்டு உருவான கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று இருந்தது. 1965இல் சேலத்திலிருந்து பிரிந்தது தருமபுரி. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது 2004 பிப்ரவரியில். இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படுபவை, ஆண்டு இடம் மாறிவிட்டது. நடை சரளமாக இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். மாம்பழப் பெட்டிக்குள் மாவட்டம் பிரிந்த கதை எதற்கு என்று அந்தப் பத்தியையே எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம்.

இங்கே ஒரு கெட்ட வழியையும் சொல்ல வேண்டும். நான் தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே மகன் தானாக ஒரு முயற்சி செய்திருந்தார். மனிதத்தன்மையோடு எழுது என்று கேட்டு இன்னொரு பிரதி வாங்கியிருந்தார். அதில் "அட, சொல்ல மறந்துட்டேனே" என்று நடுவில் ஒரு வரி. ஒரு பழமொழி. அப்புறம், "சிறுவயதில் தாத்தாவின் மடியில் அமர்ந்து முதல் மாம்பழத்தைச் சுவைத்த அந்த மாலைப்பொழுது இன்றும் நினைவில் இனிக்கிறது" என்று ஒரு நினைவு. அதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினோம்.

"எங்கப்பன் மடியில எவனும் உக்காந்ததில்ல. கிட்டப் போனாலே அடிப்பாரு."

வராத நினைவைப் போடுவதும், பேச்சுச் சொல்லை ஆங்காங்கே தூவுவதும், வேண்டுமென்றே பிழை விடுவதும் இயந்திரத்தனத்தை எடுப்பதில்லை, அதன் மேல் பொய்யைச் சேர்க்கின்றன. விற்பனைப் பொருளோடு போகிற தாளில் அது வாங்குபவரை ஏமாற்றுவதும் ஆகிறது. அடிக்கிற தாத்தாவைத் துண்டறிக்கையில் போட முடியாதுதான். முப்பது அடிக்கு ஒன்று என்று அளந்து வைத்த தாத்தாவைப் போடலாம், அவர் உண்மையில் இருந்தவர்.

முழுக்க வட்டார வழக்கிலும் எழுதவில்லை. பெரியவர் பேசியதை அப்படியே இறக்கிவைத்தால் பெங்களூருவில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் படிக்கத் தடுக்கும், பெரியவருக்கே தன்னைக் கேலி செய்ததுபோல் இருக்கும். வாக்கியம் எழுத்துத் தமிழ், உள்ளே வருகிற சொற்கள் தோட்டத்துச் சொற்கள். தொரட்டி, பால், காம்பு, வெம்புதல். இவற்றுக்கு மேல் அலங்காரம் தேவைப்படவில்லை.

"மெஷின் எழுதினதைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்துடலாமாண்ணா?" என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கருவிகள் மனிதர் எழுதியதை இயந்திரம் என்றும், இயந்திரம் எழுதியதை மனிதர் என்றும் சொல்வதுண்டு. சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. கருவிக்குப் பயந்து எழுதினால், அது எதைப் பிடிக்குமோ அதைத் தவிர்ப்பதிலேயே புத்தி போகும். நமக்கு இங்கே வாசகர் ஒருவர்தான்: பெட்டியைத் திறந்தவர்.

எல்லாவற்றையும் இப்படி மாற்றத் தேவையும் இல்லை. அதே தாளின் பின்பக்கத்தில் எடை, விலை, எந்தக் கிழமை பெட்டி அனுப்புவோம், பணம் கட்டும் விவரம் இருந்தன. அவை செயலி எழுதியபடியே இருக்கட்டும் என்று விட்டேன். டெண்டர் அறிவிப்பு, பூச்சிமருந்துப் புட்டியின் எச்சரிக்கை, தேர்வு விதிமுறை எல்லாம் தட்டையாக இருப்பதுதான் நல்லது. அங்கே எழுதியவரின் குரல் கேட்டால் இடைஞ்சல். வேறு சில பிரதிகளில் குரல் இருக்க வேண்டும், ஆனால் கொடுப்பவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. போன மாதம் ஒருவர் தன் நண்பரின் மணிவிழா மலருக்கு ஒரு கட்டுரை கொண்டுவந்தார். நட்பைப் பற்றி மூன்று பக்கம். அவரைப் பற்றி ஏதாவது ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்று கேட்டேன். "ரொம்ப நல்ல மனுஷன் சார்" என்றார். வேறு மாதிரிக் கேட்டேன், சண்டை போட்டிருக்கிறீர்களா, கடன் கொடுத்திருக்கிறாரா என்று. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், நல்ல மனுஷன்." நான் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

சந்தூர்த் தாள் முடிந்தபோது முன்பக்கம் மூலத்தில் பாதிதான் இருந்தது. மகனுக்கு அது கொஞ்சம் மனத்தாங்கல், பக்கம் நிறையவில்லையே என்று. பண்பாடு வரியையாவது மேலே போடலாம் என்றார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுதும் படித்தார். "மோந்து பாருங்கள்" வந்த இடத்தில் தலையாட்டினார். பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: நாலைந்து நாள் என்று போட்டது மே மாத வெயிலுக்குச் சரி, ஜூனில் மழை பிடித்துவிட்டால் இன்னும் ரெண்டு நாள் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று. சேர்த்தேன். காலியாக இருக்கிற இடத்தில் மாம்பழப் படம் போடட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். பெட்டி நிறைய மாம்பழம்தானே இருக்கிறது, போன் நம்பரைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்றேன்.